இரண்டாம் தவணை வாய்த்துண்டுகள் 10 பொருந்தாதது பற்றிய புகார்

அனுப்புநர்
பொம்மை அசைவுப் படக் குழு,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்
மேலாளர்,
ரெசின் அச்சுப் பிரிவு.

பொருள்: மாற்று முகத்துக்கான 22 வாய்த்துண்டுகளில் இரண்டாம் தவணையாக வந்த 10 துண்டுகளை மறுபடி அச்சிட்டுத் தரக் கோருதல்.

ஐயா,

மீன்காரப் பாட்டி பொம்மைக்கு உங்களிடம் அச்சிட்ட வாய்த்துண்டுகளில், முதலில் வந்த 12-ம் நன்றாகப் பொருந்துகின்றன. பிறகு வந்த 10-ஐ வைத்து ஒரு வசனம்கூட எடுக்க முடியவில்லை. தொலைபேசியில் சொன்னபோது, "0.3 மில்லிமீட்டர் வித்தியாசம் எல்லா அச்சிலும் வரும். அதோடு உங்கள் ஊர்க் கடற்காற்று ஈரத்தில் ரெசின் வளைந்திருக்கும்" என்று பதில் வந்தது. இரண்டுமே சரியில்லை. ஏன் என்று விவரமாகவே எழுதுகிறோம், அச்சிடும் ஆள் கையில் இதைக் கொடுத்தால் போதும்.

பாட்டியின் முகம் நெற்றியிலிருந்து தாடை வரை 45 மி.மீ. மூக்குக்குக் கீழே உள்ள பகுதி தனித்துண்டு. அதன் பின்விளிம்பு தலையில் போய் உட்காரும். இரண்டு முளைகள் இடம் காட்டும், இரண்டு காந்தங்கள் பிடித்துக்கொள்ளும். ஒரு படம் எடுத்ததும் துண்டைக் கழற்றி அடுத்த எழுத்துக்கான வாயை வைக்கிறோம். வினாடிக்கு 24 பிரேம், ஒவ்வொரு படமும் இரண்டு பிரேமுக்கு நிற்கும். அதாவது வினாடிக்கு 12 வாய்கள்.

"மக்கா" என்ற ஒரே சொல்லைப் பாருங்கள். அரை வினாடி, ஆறு படம். மூடிய "ம" இரண்டு படம், அரைத்திறப்பு "அ" ஒன்று, "க்" ஒன்று, பெரிய "ஆ" இரண்டு. முதல் நான்கு படத்துக்கான வாய்கள் முதல் தவணை. "ஆ" மட்டும் இரண்டாம் தவணை. பாட்டி பக்கவாட்டில் திரும்பியிருக்கும் அந்தக் காட்சியில் 45 மி.மீ. முகம் திரையில் 900 பிக்சல் உயரம் நிற்கிறது. அப்படியானால் ஒரு பிக்சல் 0.05 மி.மீ. "ஆ" வந்தவுடன் இடக்கன்னத்து மரு காதுப் பக்கமாக 7 பிக்சல் தாவுகிறது, அடுத்த சொல்லின் "ம"-வில் பழைய இடத்துக்கே திரும்புகிறது. தாடை இறங்குவது நடிப்பு. மரு ஓடுவது பிழை. ஓட்டிப் பார்த்தால் கன்னத்துக்குள் ஏதோ துடிப்பதுபோல் இருக்கிறது.

அதனால்தான் 0.3 மி.மீ. என்ற கணக்கு இங்கே செல்லாது. 22 துண்டும் ஒன்றுபோல 0.3 குறைந்திருந்தால் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை, யார் கண்ணிலும் படாது. கோப்பிலிருந்து எவ்வளவு விலகியது என்பதைவிட, துண்டுக்குத் துண்டு எவ்வளவு விலகியது என்பதுதான் இந்த வேலையில் முக்கியம். ஆர்டர் கொடுக்கும்போதே இதை எழுத்தில் கொடுத்திருந்தோம்.

குறை தலையில் இல்லை என்பதை முதலில் உறுதி செய்தோம். கேமராவையும் தலையையும் இறுக்கிவிட்டு, முதல் தவணை "ம" துண்டையே பத்து முறை கழற்றி மாட்டிப் பத்துப் படம் எடுத்தோம். ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்ததில் மரு அசையவில்லை. ஆக முளையும் காந்தமும் தம் வேலையைச் செய்கின்றன.

பிறகு வெர்னியரால் பின்விளிம்பிலிருந்து மரு வரை அளந்தோம். 22 கோப்பிலும் மாறாத இடம் அது. முதல் 12 துண்டிலும் 14.20 மி.மீ., ஏற்ற இறக்கம் 0.05-க்குள். இரண்டாம் தவணை 10 துண்டில் 13.85 முதல் 14.10 வரை சிதறிக் கிடக்கிறது. இதில் "ஆ" துண்டு மருப் பக்கம் 13.85 மட்டுமே. ஆனால் வலப்பக்கம், அங்கேயும் 14.20 இருக்க வேண்டிய இடத்தில், 14.05 இருக்கிறது. இரு பக்கமும் சமமாகக் குறையாததால் துண்டு ஆடுகிறது. பல்குச்சியால் இடக்கன்னத்தை லேசாக அழுத்தினால் வலக்கன்னம் விளிம்பிலிருந்து எழும்பி, மூக்கடியில் ஒரு கறுப்புக் கோடு வாய் பிளக்கிறது. இணைப்புக் கோட்டைக் கணினியில் அழிப்பது எங்கள் வழக்கமான வேலைதான். ஆடும் கன்னத்தை அழிக்க வழியில்லை, ஒவ்வொரு படத்தையும் தனியாக இழுத்து நிறுத்த வேண்டும்.

காரணம் துண்டிலேயே தெரிகிறது. முதல் தவணையில் சப்போர்ட் வெட்டிய புள்ளிகள் வாய்க்குப் பின்னால் உள்ள குழிவுக்குள் மட்டும் இருக்கின்றன, விளிம்பு தொடப்படாமல் மழமழவென்று இருக்கிறது. இரண்டாம் தவணையில் சப்போர்ட்டை விளிம்பின்மேலேயே நட்டிருக்கிறீர்கள். அந்த முண்டுகளைப் போக்க உப்புத்தாளில் தேய்த்ததும் விளிம்பு போயிற்று. சாய்வாக வைத்துப் பார்த்தால் தேய்த்த கீறல்கள் விளிம்பைக் குறுக்கே வெட்டிப் போகின்றன. கன்னத்து அடுக்குக் கோடுகளும் முதல் தவணையில் சாய்வு, இரண்டாவதில் படுக்கை. அச்சுத் தட்டில் கோணத்தை மாற்றி வைத்ததற்கு வேறு சாட்சி வேண்டாம். தட்டில் கூடுதல் துண்டு அடைக்க மாற்றினீர்களோ என்னவோ.

ஈரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டு தவணையும் ஒரே பெட்டியில், ஒரே அறையில் இருக்கின்றன. ஐப்பசி மழை ஈரம் இரண்டாவதை மட்டும் தேடிப் பிடித்து வளைக்காது.

இன்னொரு குறை: இரண்டாம் தவணையில் இரண்டு துண்டுகளைக் கழற்றும்போது காந்தம் தலையோடு ஒட்டிக்கொண்டு, வாய் மட்டும் கையோடு வந்தது. காந்தக்குழியைக் குச்சியால் துழாவினால் பிசுபிசுப்பு. கழுவாத ரெசின் அங்கே தேங்கியிருக்க, அதன்மேல் பசை பிடிக்காது. குழியை ஆல்கஹாலில் தனியாகக் கழுவி, உலர்த்தி, குழி விளக்கைப் பார்த்தபடி வைத்து இறுக்கிய பிறகே காந்தம் ஒட்ட வேண்டும்.

நிறம் சற்று மஞ்சளாக வந்ததைப் பற்றிப் புகார் இல்லை. எப்படியும் பிரைமர் அடித்துத்தான் வண்ணம் பூசுகிறோம். கூடவே வந்த கண் இமைத் துண்டுகள் நான்கும் (திறந்தது, பாதி, முக்கால், மூடியது) குறையில்லாமல் இருக்கின்றன.

நாங்கள் கேட்பது இது. அந்த 10 துண்டுகளையும் அதே கோப்புகளிலிருந்து, முதல் தவணையின் அதே கோணத்தில், சப்போர்ட் குழிவுக்குள் மட்டும் வருமாறு அச்சிட்டுத் தாருங்கள். விளிம்பில் உப்புத்தாள் படக்கூடாது. ஒத்துப்பார்க்க முதல் தவணை "ம" துண்டின் கூடுதல் பிரதி ஒன்றையும் சேர்த்து அச்சிடுங்கள். மருவரை அளவு அதில் 14.20 வந்தால் மீதியும் சரியாக வரும், வராவிட்டால் பத்தையும் முடிப்பதற்குள் தெரிந்துவிடும். முடியாதென்றால் 10 துண்டுக்கான தொகையைத் திருப்பித் தாருங்கள்.

"ஆ" துண்டையும் முதல் தவணை "ம" துண்டையும் இத்துடன் அனுப்பியுள்ளோம். இரண்டையும் கண்ணாடித் தகட்டில் கவிழ்த்து வைத்து விரலால் தட்டிப் பாருங்கள். எங்கள் "ம" துண்டு மட்டும் பத்திரமாகத் திரும்பி வர வேண்டும், அது இல்லாமல் இங்கே படப்பிடிப்பு நிற்கிறது.

இப்படிக்கு,
குழுவினர்

இணைப்பு: 22 துண்டுகளின் அளவுப் பட்டியல், பத்துப் படச் சோதனை, ரசீது நகல்.