கிளைக் கடிதம் பற்றி

அன்பு நண்பா,

உன் காபித்தூள் கடையின் வேளச்சேரிக் கிளை திறப்புக்காக வாடிக்கையாளர்களுக்கு என்று நீ எழுதி அனுப்பிய கடிதத்தைத் தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் படித்தேன். அச்சுக்கு ஏற்றுவதற்கு முன்னால் சில இடங்களைத் திருத்தியாக வேண்டும்.

முதலில் உன் பில் புத்தகத்தின் கடைசி வரியைப் பார். ‘எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை.’ பையிலும் அதுவேதான், சிவப்பு எழுத்தில். இத்தனை வருஷமாக அதைப் படித்துப் பழகியவர்களுக்கு, உன் பெயரில் வேளச்சேரியில் ஒரு போர்டு தொங்கினால் யாரோ பெயரைத் திருடிவிட்டான் என்றுதான் தோன்றும். நீ அனுப்பிய கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ‘தங்கள் பேராதரவுடன் புதிய கிளை உதயம்’ என்று ஆரம்பித்திருக்கிறாய். அந்த வரியைத் தூக்கிவிடு. பழைய வாசகத்தை நேராகச் சொல்லி, அது இனி மாறுகிறது என்று எழுது. காபித்தூள் வாங்குகிறவர்கள் கடையை நம்பி வாங்குகிறவர்கள். அவர்களிடம் மழுப்பக் கூடாது.

அடுத்த குழப்பம் இதைவிடப் பெரியது. ‘இனி வேளச்சேரியில்’ என்று தலைப்புப் போட்டிருக்கிறாய். பாதிப் பேர் மயிலாப்பூர் கடையை எடுத்துவிட்டாய் என்று எண்ணிக்கொள்வார்கள். இங்கிலீஷில் ‘நியூ லொகேஷன்’ என்று இருப்பதற்கும் அதே அர்த்தம்தான் வரும். அதனால் பழைய கடை அங்கேயே இருக்கிறது என்பதுதான் முதல் வாக்கியமாக வரவேண்டும். புதுக் கடை இரண்டாவது வாக்கியத்தில் வரட்டும். தமிழை இப்படி மாற்றி எழுதியிருக்கிறேன்:

‘வணக்கம். மயிலாப்பூர் கடை இதே இடத்தில், இதே நேரத்தில் தொடர்ந்து நடக்கும். அத்துடன் வேளச்சேரியிலும் ஒரு கடை திறக்கிறோம். 2026 பிப்ரவரி 6, வெள்ளிக்கிழமை காலை 9 மணிக்கு அங்கே விற்பனை தொடங்கும். எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை என்று பில்லிலும் பையிலும் இதுவரை அச்சிட்டு வந்தோம். இனி எங்கள் கடைகள் இரண்டு: மயிலாப்பூர், வேளச்சேரி. இந்த இரண்டைத் தவிர வேறு இல்லை. உங்கள் கலவை எழுதிய ஏட்டின் நகல் வேளச்சேரியிலும் இருக்கும். பெயரைச் சொன்னால் போதும். கொட்டை வறுப்பது மயிலாப்பூரில்தான், அரைப்பது மட்டும் அந்தந்தக் கடையில். முதல் முறை அங்கே வாங்கும்போது 100 கிராம் வாங்கிப் பாருங்கள். டிகாக்‌ஷன் வேகமாக இறங்கினாலோ இறங்காமல் நின்றாலோ சொல்லுங்கள், அரவையைச் சரிசெய்து தருகிறோம்.’

நீ ‘அதே மணம், அதே சுவை’ என்று எழுதியிருந்ததை வேண்டுமென்றேதான் எடுத்தேன். புது மெஷின், புதுத் தட்டு. முதல் சில நாள் அரவை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கத்தான் செய்யும். தூள் பருமனாக விழுந்தால் தண்ணீர் நிற்காமல் ஓடி டிகாக்‌ஷன் வெளிறிப்போகும். நைஸாக விழுந்தால் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். பீபெரி கொட்டை 50, பிளாண்டேஷன் ஏ கொட்டை 30, சிக்கரி 20 சதவீதம் என்று ஏட்டில் உள்ளபடியே போட்டாலும் அரவை மாறினால் வீட்டில் காபி மாறிவிடும். அதே சுவை என்று எழுதிக் கொடுத்துவிட்டால் முதல் வாரமே உன்னைப் பொய்யனாக்கிவிடும்.

இங்கிலீஷ் பக்கத்துக்கு வருகிறேன். தமிழை வரிக்கு வரி அப்படியே பெயர்த்திருக்கிறாய். ‘பேரன்புடையீர்’, ‘வருகை தந்து சிறப்பிக்க’ எல்லாம் அங்கே போய்க் கல்யாணப் பத்திரிகை மாதிரி நிற்கின்றன. அதைப் படிக்கப்போகிறவர்கள் யார் என்று யோசி. வேளச்சேரி அடுக்ககங்களில் தமிழ் படிக்கத் தெரியாதவர்கள், பெற்றோருக்காக வெளியூரிலிருந்து ஆர்டர் போடும் பிள்ளைகள். அவர்களுக்கு நாள், நேரம், வழி, கலவை ஏடு, இவ்வளவு போதும். அவர்களில் சிலருக்கு சிக்கரி என்றால் என்ன என்பதே தெரியாது. அதனால் சிக்கரி சேர்க்காமலும் கிடைக்கும் என்று ஒரு வரி இங்கிலீஷில் மட்டும் சேர். தமிழில் அது தேவையில்லை. நம்மவர்கள் சதவீதம் சொல்லியே கேட்பார்கள். வழி சொல்வதிலும் இதே கதைதான். தமிழில் ‘திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறி வேளச்சேரியில் இறங்கவும்’ என்று தொடங்கலாம். இங்கிலீஷில் வரைபட க்யூ.ஆர். கட்டம் போதும். அந்த வரைபடத்திலும் ஒன்றைக் கவனி. கூகுளில் இருக்கும் பழைய கடையின் முகவரியைத் திருத்தாதே. வேளச்சேரிக் கடையைத் தனி இடமாகச் சேர். திருத்தினால் மயிலாப்பூர் கடை இடம் மாறிவிட்டதாகத்தான் ஊருக்குத் தெரியும்.

இரண்டு மொழியிலும் விவரம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். நீ அனுப்பியதில் தமிழில் காலை 9 மணி, இங்கிலீஷில் 6 மணி. 6 மணி பூஜைக்கு என்று எனக்குப் புரிந்தது. ஆனால் இங்கிலீஷ் மட்டும் படிப்பவர் பையோடு 6 மணிக்கே வந்து நிற்பார், மெஷினே ஓடியிருக்காது. பூஜைக்குக் கூப்பிட வேண்டியவர்களுக்குத் தனியாகப் போன் செய். கடிதத்தில் விற்பனை நேரம் மட்டும் இருக்கட்டும். தேதியை 6/2/26 என்றும் போடாதே. அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் அதை ஜூன் 2 என்று படிப்பார்கள். மாதத்தின் பெயரையும் கிழமையையும் எழுத்திலேயே போடு. புரூஃப் பார்க்கும்போது ஒருவர் தமிழை உரக்கப் படிக்க, இன்னொருவர் இங்கிலீஷில் விரல் வைத்துச் சரிபார்க்கட்டும். இதில் தப்பு எப்போது நுழையும் தெரியுமா? கடைசி நிமிஷத்தில் ஒரு பக்கத்தை மட்டும் திருத்தும்போதுதான்.

அனுப்புவது எப்படி என்று கேட்டிருந்தாய். வாட்ஸப் பிராட்காஸ்டில் ஒரு பட்டியலுக்கு 256 பேர். அதிலும் உன் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். அனுப்பிவிட்டோம் என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய், பாதிப் பேருக்கு வந்திருக்காது. எஸ்.எம்.எஸ். என்றால் தமிழில் ஒரு செய்திக்கு 70 குறிகள்தான், இங்கிலீஷில் 160. கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் குறியாகக் கணக்கில் ஏறும். ‘மயிலாப்பூர்’ கண்ணுக்கு ஆறு எழுத்து, கணக்கில் 11. அதனால் எஸ்.எம்.எஸ்.ஸில் நாளும் இடமும் மட்டும் வை. முழுக் கடிதத்தை ஒரு தாளின் முன்பக்கம் தமிழிலும் பின்பக்கம் இங்கிலீஷிலும் அடித்துத் தருகிறேன். ஜனவரி முதல் வாரத்திலிருந்து ஒவ்வொரு தூள் பொட்டலத்தோடும் பையில் போடு. மாதம் ஒரு முறை மட்டும் வருகிறவருக்கும் அப்படித்தான் கையில் கிடைக்கும்.

பில் புத்தகத்தையும் மறந்துவிடாதே. வேளச்சேரிக்கு உணவுப் பாதுகாப்பு உரிமம் தனியாக எடுக்க வேண்டும், அதன் 14 இலக்க எண் அந்தக் கடை பில்லில் இருக்க வேண்டும். அதனால் இங்கேயிருந்து நாலு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே கிழிக்க முடியாது. புதிதாக அடிக்கும்போது கடைசி வரியை ‘மயிலாப்பூர், வேளச்சேரி தவிர வேறு கிளைகள் இல்லை’ என்று மாற்றிவிடுகிறேன். பழைய பைகளை வேளச்சேரிக்கு ஒன்றுகூட அனுப்பாதே. கிளையில் கொடுக்கிற பையிலேயே கிளை இல்லை என்று இருந்தால் நன்றாகவா இருக்கும்? குடோனில் எத்தனை மிச்சம் என்று எண்ணிச் சொல். மயிலாப்பூரில் ஜனவரிக்குள் தீருமா என்று பார்த்துவிட்டுப் புதுப் பைக்கு பிளேட் போடுகிறேன்.

அன்புடன்,
உன் அச்சாபீஸ்காரன்