டேலி தெரிந்த, டூ வீலர் உள்ள ஆள்

அன்புள்ள கவிதா கண்ணுக்கு,

நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் படித்தேன். திருப்பூர் அங்கேரிபாளையத்துப் பனியன் கம்பெனி கேட்டில் ஒட்டியிருந்த தாள். "ஆபீஸ் வேலைக்கு ஆள் தேவை, டேலி தெரிந்திருக்க வேண்டும். டூ வீலர் உள்ள உள்ளூர்க்காரருக்கு முன்னுரிமை, சம்பளம் நேரில்." கீழே ஒரு செல் நம்பர், அவ்வளவுதான். ஆடிட்டர் ஆபீஸில் இரண்டு வருடம் டேலியில் கணக்குப் பார்த்திருக்கிறாய், வண்டி இருக்கிறது, வீடும் பக்கம்தான். எல்லாம் பொருந்துகிறதே, போய்ச் சேர்ந்துவிடட்டுமா என்று கேட்கிறாய். தாளோடு நீ பொருந்துகிறாய், சரி. வேலையோடு பொருந்துவாயா என்று இப்போதைக்குச் சொல்ல முடியாது. என்ன வேலை என்று அதில் எழுதவே இல்லையே.

குடும்பமாக நடத்தும் கம்பெனிகளில் இந்தத் தாளை எழுதுவது முதலாளியோ அவர் வீட்டம்மாவோதான். லோடு ஏற்றிக்கொண்டிருக்கும்போது ஐந்து நிமிடத்தில் எழுதியிருப்பார்கள். வேலையை யோசித்து எழுத மாட்டார்கள், போன ஆளிடம் எது இடித்ததோ அதுதான் தாளில் வரும். வண்டி இல்லாத ஆளைச் சாயம் போடும் டையிங்குக்கு அனுப்ப முடியாமல் தவித்தவர் "டூ வீலர்" என்று எழுதுவார். மழை என்றும் ஊரில் திருவிழா என்றும் லீவு போட்ட ஆளிடம் பட்டவர் "உள்ளூர்" என்று எழுதுவார். "டேலி" என்று எழுதியிருப்பதற்கு எனக்குத் தோன்றுவது, எழுத வேண்டிய பில்கள் எங்கேயோ குவிந்து கிடக்கின்றன.

பனியன் கம்பெனி ஆபீஸ் வேலை ஆடிட்டர் ஆபீஸ் வேலை மாதிரி இருக்காது. அங்கே உன்னிடம் வந்தது முடிந்துபோன பேப்பர், இங்கே சரக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கும். நூல் வாங்கி நிட்டிங்குக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து கிரே துணி டையிங்குக்குப் போகும், அப்புறம் காம்பேக்டிங், பிறகுதான் கட்டிங். ஒவ்வொரு இடத்துக்கும் டி.சி. என்கிற டெலிவரி சலான் போட்டு எடை எழுதி அனுப்ப வேண்டும். நூறு கிலோ துணி டையிங்குக்குப் போனால் நூறு கிலோ திரும்பி வராது. எவ்வளவு குறையலாம் என்பது துணியையும் நிறத்தையும் பொறுத்து முன்கூட்டியே பேசிவைத்த கணக்கு. அதற்கு மேல் குறைந்தால் டையிங்காரருக்குப் போன் போட்டுக் கேட்க வேண்டியது ஆபீஸில் இருக்கிற ஆள்தான். அதாவது நீ. அவர் "மிஷினில் போச்சுங்க" என்பார். நீ டி.சி. புத்தகத்தைப் புரட்டி, எந்த ரோல், எந்தத் தேதி, எத்தனை கிலோ என்று சொல்ல வேண்டும். உனக்கு ஜி.எஸ்.டி. தெரியும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இந்தச் சண்டை பிடிக்குமா என்பதுதான் சந்தேகம்.

அதனால் முதலில் அந்த நம்பருக்குப் போன் பண்ணு. எடுத்ததும் சம்பளம் எவ்வளவு என்று கேட்காதே, சம்பளம் எப்படியும் நேரில்தான் சொல்வார்கள். இதற்கு முன்னால் இந்த வேலையை யார் பார்த்தார்கள் என்று கேள். "எங்க அண்ணன் மகள் பார்த்துட்டிருந்தா, கல்யாணமாகிப் போயிட்டா" என்று வந்தால், வேலைக்கு எல்லை கிடையாது என்று எடுத்துக்கொள். வீட்டுப்பெண் கணக்கும் எழுதியிருப்பாள், பேங்குக்கும் போயிருப்பாள், ஆள் வராத நாளில் பீஸ் எண்ணியும் கொடுத்திருப்பாள். சம்பளத்தையும் அவள் கணக்குப் பார்த்து வாங்கியிருக்க மாட்டாள். "இத்தனை நாள் நானே பார்த்தேன், இப்ப முடியல" என்று முதலாளி சொன்னால் நல்ல இடம். என்ன வேலை என்று அவருக்குத் தெரியும், சொல்லியும் தருவார். ஆனால் எதையும் முழுதாக விட்டுக்கொடுக்க மாட்டார், முதல் ஆறு மாதம் தோளுக்குப் பின்னால் வந்து நிற்பார். "நாலஞ்சு பேர் வந்தாங்க, யாரும் நிக்கல" என்றால் ஏன் நிற்கவில்லை என்று மறுகேள்வி கேள். போன ஆட்களை அவர்கள் திட்டுவதைக் காதில் வாங்காமல், திட்டுவதற்கு நடுவில் எந்த வேலையைச் சொல்கிறார்கள் என்று மட்டும் கவனி.

அடுத்தது, ஜி.எஸ்.டி. தாக்கல் ஆபீஸிலேயே நடக்கிறதா, ஆடிட்டர் பார்க்கிறாரா? ஆடிட்டர் பார்க்கிறார் என்றால் உன் வேலை பில் ஏற்றுவதும், 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 போகும் முன்னால் சேல்ஸ் கணக்கை அனுப்புவதும், 20ஆம் தேதி 3பி-க்குள் பர்ச்சேஸ் பில்களைச் சரிபார்த்துத் தருவதும்தான். மாதாமாதம் தாக்கல் செய்யும் கம்பெனியாக இருந்தால் இந்தத் தேதிகள். காலாண்டுக்கு ஒருமுறை என்றால் நெருக்கடி வேறு மாதிரி வரும். ஆபீஸிலேயே என்றால் அது இன்னொரு ஆள் வேலை. அதையும் சேர்த்துத்தான் சம்பளம் பேச வேண்டும்.

போனில் இவ்வளவு போதும். நேரில் போவது வியாழனோ வெள்ளியோ, மாலை நாலு மணி வாக்கில் இருக்கட்டும். சனிக்கிழமை போகாதே. அன்று வாரச் சம்பளம் போடுவார்கள், உன்னிடம் பேச யாருக்கும் நேரம் இருக்காது. சும்மா வேடிக்கை பார்ப்பதானால் சனிக்கிழமையைப் போல நல்ல நாள் கிடையாது. சம்பளம் வாங்க நிற்கும் டெய்லர்கள் முகத்தைப் பார்த்தாலே கம்பெனி எப்படி என்று தெரிந்துவிடும். மாப்பிள்ளையை வெளியே டீக்கடையில் நின்று பார்க்கச் சொல்.

உள்ளே போனதும் டேலியைத் திறந்து காட்டச் சொல். "நான் என்ன வெர்ஷன் என்று பார்த்துக்கொள்கிறேன்" என்று கேட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். முதல் திரையில் கம்பெனி பெயருக்குப் பக்கத்தில் Date of Last Entry என்று இருக்கும், உனக்குத் தெரியாததா. தேதி நேற்றோ முந்தாநாளோ என்றால் நடக்கிற வண்டியில் ஏறுகிறாய். இரண்டு மாதம் பின்னால் இருந்தால் அவர்கள் தேடுவது பழைய பாக்கியைத் தீர்க்கும் ஆளை. அதைத் தீர்த்தபிறகும் உன்னை அதே சம்பளத்தில் வைத்திருப்பார்களா என்பது தனிக்கேள்வி. அந்தத் திரையில் எத்தனை கம்பெனி பெயர் இருக்கிறது என்றும் எண்ணு. அண்ணன் பெயரில் ஒன்று, தம்பி மனைவி பெயரில் ஒன்று என்று இருப்பது நம் ஊரில் சாதாரணம். தாளில் ஒரே வேலை, மேஜையில் இரண்டு கணக்கு.

இரண்டு கம்பெனி இருந்தால் இரண்டு முதலாளியும் இருப்பார்கள். இதைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். அண்ணன் "இந்த பார்ட்டிக்கு இன்னைக்கே செக் போடு" என்பார், தம்பி "ஒரு வாரம் நிறுத்து" என்பார். இருவரும் சாயங்காலம் சேர்ந்து காபி குடிப்பார்கள், திட்டு விழுவது உனக்கு. "பேமெண்ட் விஷயத்தில் யார் சொன்னால் செய்ய வேண்டும்?" என்று இருவரும் இருக்கும்போதே கேட்டுவிடு. ஒருவர் பெயர் உடனே வந்தால் சரி. "ரெண்டு பேர்ல யார் சொன்னாலும் ஒண்ணுதாம்மா" என்று சிரித்தால் ஒரு மாதத்தில் தலைவலி ஆரம்பிக்கும்.

சம்பளத்துக்கு வருவோம். பதினாறாயிரம் என்று சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள். மாதம் 26 நாள். காலை ஒன்பதரையிலிருந்து மாலை ஆறரை, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் போனால் நாளைக்கு எட்டு மணி நேரம், மணிக்கு சுமார் 77 ரூபாய் விழும். அங்கே தையல் ஒன்றரை ஷிஃப்ட் ஓடி, "கம்பெனி இருக்கிற வரை ஆபீஸும் இருக்கணும்" என்று சொல்லி எட்டரையிலிருந்து எட்டரை வரை உட்கார வைத்தால், அதே பதினாறாயிரம் மணிக்கு 56 ரூபாய் ஆகிவிடும். வண்டியை வேறு சேர்த்துக்கொள். வீரபாண்டிப் பக்கம் டையிங் என்றால் ஊரின் வடக்குக் கோடியிலிருந்து தெற்குக் கோடிக்கு வாரத்தில் எத்தனை முறை, பெட்ரோல் யாருடையது என்று அன்றைக்கே பேசிவிடு. பெட்ரோலைப் பிறகு கேட்டால் கேட்பவளுக்குத்தான் கூச்சம்.

பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற தொழிற்கூடம் என்றால் இ.எஸ்.ஐ. உண்டு, மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு. பதினாறாயிரத்தில் உன்னிடம் பிடிப்பது 120 ரூபாய், அவர்கள் போடுவது 520. இந்தத் தொகைக்காகத் தயங்கினால் மற்றதிலும் தயங்குவார்கள் என்று கணக்குப் போட்டுக்கொள். பி.எஃப். இருபது பேரோ அதற்கு மேலோ இருந்தால்தான் கட்டாயம், அங்கே மிஷின்களை எண்ணினால் ஓரளவு தெரியும்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதே. பார்ட்டி பணத்தை உன் ஜிபே நம்பருக்கு வாங்கச் சொன்னாலும், ஜி.எஸ்.டி. போர்ட்டலில் உன் செல் நம்பரைக் கொடுக்கச் சொன்னாலும் முடியாது என்று சொல். "நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி" என்று சொல்லித்தான் கேட்பார்கள். நாளைக்கு நோட்டீஸ் வந்தால் அந்த உறவு நிற்காது. பில் இல்லாமல் சரக்கு போகிற இடமா என்று முதல் நாளே தெரியாது. டி.சி. புத்தகத்தில் வெளியே போன எடைக்கும் டேலியில் உள்ள சேல்ஸுக்கும் ஒரு மாதத்தை ஒப்பிட்டால் தெரிந்துவிடும். அதனால்தான் சேருவதற்கு முன் ஒரு வாரம் வந்து பார்க்கிறேன், அந்த வாரத்துக்குக் கூலி கொடுங்கள் என்று கேட்கச் சொல்கிறேன். அந்த ஊரில் டெய்லரை அப்படித்தானே எடுக்கிறார்கள், ஆபீஸ் ஆளுக்கு மட்டும் என்ன.

உன்னைப் பற்றி நான் நினைப்பதையும் எழுதிவிடுகிறேன். கணக்கில் நீ கெட்டி. பேரம் பேச, சத்தம் போட்டு வேலை வாங்க உனக்கு வராது, இழுத்துப் பேசினால் முகம் சுருங்கிவிடும். மகனை ஆறரைக்குள் அத்தையிடமிருந்து வாங்கியாக வேண்டும். டையிங், நிட்டிங் ஃபாலோஅப்பை முதலாளியோ தம்பியோ பார்த்துக்கொண்டு, கணக்கை மட்டும் உன்னிடம் விடும் இடமாக இருந்தால், பதினாலாயிரம் என்றாலும் யோசிக்கலாம். ஃபாலோஅப் முழுதும் உன் தலையில் என்றால் பதினெட்டு கொடுத்தாலும் எனக்கு இஷ்டமில்லை. முடிவு உன்னுடையது.

அம்மா தட்டைப்பயறும் நிலக்கடலையும் மூட்டை கட்டி வைத்திருக்கிறாள், செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் கொடுத்துவிடுகிறோம். அதற்குள் போன் பண்ணியிருந்தால் முன்னால் இருந்த ஆள் யார் என்று எழுது. அந்தக் கம்பெனிப் பெயர் எனக்குத் தெரிந்ததுபோல் இருக்கிறது. பழைய நிட்டிங்காரர் ஒருவரிடம் விசாரித்து வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா