வால்வைத் திறக்க மறந்தது வாட்ச்மேன் அல்ல: நம் குடியிருப்புச் சங்க நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் நள்ளிரவு மழைக்குப் பிறகு மழைநீர்த் தொட்டியில் புறா எச்சம் கலந்த பழுப்புத் தண்ணீர் நின்றது, நாற்றம் அடித்தது, அதற்காக வாட்ச்மேன் ஐயாவுக்கு மெமோ கொடுக்கப்பட்டது. இவை உங்களுக்குத் தெரிந்தவைதான். "மழை தொடங்கியதும் பத்து நிமிடம் வால்வைத் திறந்துவிட வேண்டும்" என்ற விதியை அவர் மீறினாராம்.

அறுபதைத் தாண்டியவர். இரவு இரண்டு மணிக்குக் குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு, முழங்கால் வலியோடு கட்டடத்தைச் சுற்றி வந்து, துருப்பிடித்த நான்கு வால்வுகளை ஒவ்வொன்றாகத் திருக வேண்டும். நாலாவதற்குப் போய்ச் சேர்வதற்குள் முதல் குழாயின் அழுக்கு தொட்டிக்குள் போய்விடும். மெமோவைத் திரும்பப் பெறுங்கள் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த விதியே தவறு. கூரை கழுவப்படுவது நேரத்தால் அல்ல, தண்ணீரின் அளவால். தூறல் என்றால் பத்து நிமிடத்தில் தளம் நனைந்தே முடிந்திருக்காது. கொட்டும் மழை என்றால் அதற்குள் நல்ல தண்ணீரும் வீணாகிவிடும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை விழுந்தால் ஒரு லிட்டர். முதல் ஒரு மி.மீ. தண்ணீரைத் தள்ளிவிடுவது வழக்கம். நம் மொட்டை மாடி 200 சதுர மீட்டர், இறங்கும் குழாய்கள் நான்கு. ஆக, ஒரு குழாய்க்கு 50 லிட்டர்.

இதற்கு ஆள் வேண்டாம். ஒவ்வொரு குழாயோடும் ஆறு அங்குல பி.வி.சி. குழாய் ஒன்றைச் செங்குத்தாக இணைத்து, அடியை மூடியால் அடைக்க வேண்டும். அது மீட்டருக்குச் சுமார் 18 லிட்டர் பிடிக்கும், ஒன்பது அடி உயரம் போதும். முதலில் வரும் அழுக்குத் தண்ணீர் இதில் நிரம்பும். நிரம்பியதும் உள்ளே மிதக்கும் பந்து மேலேறி வாயை அடைக்கும், பிறகு வரும் தண்ணீர் 'T' வடிவ இணைப்பு வழியாகத் தொட்டிக்குப் போகும். அடி மூடியில் சொட்டுச் சொட்டாக வடிய ஒரு சிறு துளை இருந்தால், ஒரு நாளில் குழாய் காலியாகி அடுத்த மழைக்குத் தயாராகிவிடும். இலையோ மண்ணோ அந்தத் துளையை அடைத்தால் குழாய் நிரம்பியபடியே நிற்கும், அடுத்த மழையின் அழுக்கு நேரே தொட்டிக்குள் போகும். மழை விட்ட பிறகும் துளையில் சொட்டு விழாவிட்டால் அடைப்பு என்று புரிந்துகொண்டு மூடியைக் கழற்றிக் கழுவ வேண்டும். அந்த வேலையை வாட்ச்மேன் ஐயா பகலில் செய்வார்.

அடுத்தது தொட்டி. நாம் வைத்திருப்பது 1,000 லிட்டர். நனைவது, ஆவியாவது, சிதறுவது போகக் கூரைத் தண்ணீரில் 80 சதவீதம் கைக்கு வரும் என்று வைத்தால், ஒரு மி.மீ. மழைக்கு 160 லிட்டர். ஆறு மி.மீ. சொச்சத்திலேயே தொட்டி வழிந்துவிடும். மீதி மழை முழுவதும் தெருவுக்கு, அதே வாரம் லாரித் தண்ணீருக்குப் பணம். முகப்பு வளைவுக்கு என்ன வண்ணம் என்று ஒரு மாலை முழுக்கப் பேசிய கூட்டத்தில் இந்த ஒரு பெருக்கலுக்கு நேரம் இல்லாமல் போனது எப்படி? மன்னிக்கவும், கேட்க வந்தது வேறு.

தொட்டியின் அளவை ஆண்டு மழையை வைத்து முடிவு செய்யக் கூடாது. சென்னையின் 1,400 மி.மீ.யைக் கணக்கில் எடுத்தால் இரண்டு லட்சத்துச் சொச்சம் லிட்டர் என்று வரும், அவ்வளவு பெரிய தொட்டிக்கு இடமும் இல்லை, தேவையும் இல்லை. மழை இல்லாத நாட்களை எவ்வளவு தூரம் தாண்ட வேண்டும் என்பதே கேள்வி. எட்டு வீடுகளுக்கும் சமையலுக்கும் குடிக்கவும் வீட்டுக்கு 40 லிட்டர் என்றால் நாளைக்கு 320. ஜனவரி முதல் மே வரை முழுதாகத் தாண்ட 48,000 லிட்டர் வேண்டும். அது நமக்கு அதிகம். ஆனால் கார் நிறுத்துமிடத்தின் கீழே பயன்படாமல் கிடக்கும் பழைய சம்ப் 12 அடி நீளம், 8 அடி அகலம், 6 அடி ஆழம், அதாவது சுமார் 16,000 லிட்டர். அது நிரம்பினால் 50 நாள் ஓடும். மார்கழிக் கடைசியில் மழை நின்றாலும் மாசி வரை கேன் தண்ணீர் வாங்க வேண்டாம். கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும், அது வேறு விஷயம்.

செலவுக்கு அஞ்ச வேண்டாம். சம்ப்புக்குப் பக்கத்தில் இறங்கும் இரண்டு குழாய்களை மட்டும் இப்போது இணைத்தால் போதும். வடகிழக்குப் பருவத்தின் மூன்று மாதங்களில் சுமார் 850 மி.மீ. பெய்தால், பாதிக் கூரையே 68,000 லிட்டர் தரும். அந்த மூன்று மாதத் தண்ணீர்த் தேவையும் சம்ப்பை நிரப்புவதும் சேர்த்தாலும் 46,000 லிட்டருக்குள் அடங்கிவிடும். வழிவதை ஏற்கெனவே இருக்கும் உறிஞ்சு குழிக்கு விட்டுவிடலாம்.

ஆகவே மீண்டும் கேட்டுக்கொள்கிறேன்: மெமோவைத் திரும்பப் பெறுங்கள், இரண்டு ஒன்பதடிக் குழாய்களுக்கு ஒப்புதல் கொடுங்கள், ஐப்பசி பிறப்பதற்குள் சம்ப்பைத் தூர்வாரிக் கழுவ ஆள் அனுப்புங்கள். வரும் ஞாயிறு கூட்டத்தில் வளைவுக்கு முன் இதை எடுத்துக்கொண்டால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
மூன்றாம் மாடிக் குடியிருப்பாளர்