பாடநூல் எழுதுவோருக்கு: பாரசீகத்தின் சாலையோடு மாவுக் கணக்கையும் சேருங்கள்

பள்ளி வரலாற்றுப் பாடநூல்களை எழுதும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நானும் வரலாறு நடத்துகிற ஆசிரியன்தான். இத்தனை வருடத்தில் நான் நடத்திய புத்தகங்களில் பாரசீகப் பேரரசு ஒரே பத்தியில் முடிந்துவிடும். டேரியஸ் நாட்டை மாகாணங்களாகப் பிரித்தார், ஒவ்வொன்றுக்கும் சத்ரப் என்ற ஆளுநரை வைத்தார், அரசப் பாதை போட்டார், வரி வாங்கினார். பிள்ளைகள் இந்த நாலையும் மனப்பாடம் செய்து நாலு மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். போன வருடம் ஒரு மாணவி எழுந்து, "சார், அவ்ளோ தூரம் போனவங்க வழியில எங்க சாப்டாங்க?" என்று கேட்டாள். அந்தப் பத்தியில் அதற்குப் பதில் இல்லை. ஆனால் அந்தப் பேரரசு எப்படி ஓடியது என்பதே அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

முதலில் தூரத்தைப் பார்ப்போம். இன்றைய துருக்கியின் மேற்கே இருந்த சார்டிஸிலிருந்து இன்றைய ஈரானின் தென்மேற்கே இருந்த சூசா வரை 111 தங்குமிடங்கள் இருந்தன, நடந்து போனால் 90 நாள் என்று கிரேக்கர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர். 90 நாளைக்கு வேண்டிய மாவை ஒரு ஆள் தூக்கிக்கொண்டு போக முடியாது, கழுதையில் ஏற்றினால் கழுதைக்கும் தீனி வேண்டும். தரைவழியில் தானியத்தைத் தூரம் கொண்டுபோகப் போக, அதைச் சுமக்கிற விலங்கும் ஓட்டுகிற ஆளுமே அதைத் தின்று தீர்த்துவிடுவார்கள். எந்தப் பழைய பேரரசும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது. பாரசீகர்கள் இதற்குக் கண்ட வழி, மாவை இருக்கிற இடத்திலேயே விட்டுவிட்டு அதைப் பெறுகிற உரிமையை மட்டும் பயணியின் கையில் எழுதிக் கொடுத்து அனுப்புவது.

இதை ஊகமாகச் சொல்லவில்லை. 1933-இல் பாரசீகத் தலைநகரங்களில் ஒன்றான பெர்செபோலிஸில் அகழாய்வு நடந்தபோது கோட்டைச் சுவரை ஒட்டிய அறைகளில் களிமண் பலகைகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. பெரும்பாலானவை உள்ளங்கையில் அடங்குகிற அளவுதான், எழுதியிருப்பது பெரும்பாலும் தென்மேற்கு ஈரானின் பழைய மொழியான ஈலாமியத்தில். போர் வெற்றியோ அரசர் புகழோ அவற்றில் இல்லை. யாருக்கு எவ்வளவு மாவு, எவ்வளவு மது, எத்தனை ஆடு கொடுத்தார்கள் என்ற கணக்குதான். எல்லாம் கி.மு. 509-க்கும் 493-க்கும் இடைப்பட்டவை, அதாவது டேரியஸ் காலத்து அலுவலக ரசீதுகள்.

அதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் என் வகுப்பில் இது பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அப்பத்தேமா என்பவர் 11 பார் மாவு பெற்றுக்கொண்டார். பார் என்பது முகத்தல் அளவு, ஒரு பாருக்குப் பத்து கா. ஒரு கா ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அவருடைய ஒருநாள் படி 7 பார். கூட வந்த 20 ஆட்களுக்குத் தலைக்கு 2 கா. அவரிடம் அரசரின் முத்திரையிட்ட ஆவணம் இருந்தது. அவர்கள் இந்தியாவிலிருந்து புறப்பட்டு சூசாவுக்குப் போனார்கள். 23-ஆம் ஆண்டு, இரண்டாம் மாதம். வழித்துணையாக வந்த அதிகாரி இஷ்பரமிஷ்டிமா, பலகையில் இருப்பது அவருடைய முத்திரை. அவ்வளவுதான் விஷயம். நம் கணக்கில் அது கி.மு. 499. இந்தியா என்று அவர்கள் சொன்னது சிந்து நதிப் பகுதியிலிருந்த அவர்களுடைய மாகாணத்தை.

இப்போது கூட்டிப் பாருங்கள். 20 பேருக்கு 2 கா வீதம் 40 கா, அதாவது 4 பார். அப்பத்தேமாவின் 7 பாரோடு சேர்த்தால் சரியாக 11. ஒரு நாளைக்கான படி, கையிருப்பு எதுவும் இல்லாமல். மறுநாள் அடுத்த தங்குமிடத்தில் இதே ஆவணத்தைக் காட்டி இதே அளவை வாங்கவேண்டும், அங்கே இன்னொரு பலகை எழுதப்படும். ஒரு பிள்ளை உடனே கேட்டான், ஒரு ஆள் எப்படி சார் ஒரே நாளில் 7 பார், அதாவது அறுபத்தைந்து லிட்டர் அளவு மாவு சாப்பிடுவார் என்று. சாப்பிடவில்லை, அது பதவிக்கான அளவு. அதே பலகைகளில் ஒரு சாதாரண ஆண் தொழிலாளிக்கு மாதத்துக்கே 3 பார் தானியம்தான். அப்பத்தேமாவின் ஒரு நாள் படி அந்தத் தொழிலாளியின் இரண்டு மாதப் படியைவிட அதிகம். சமூகத்தின் ஏற்றத்தாழ்வைப் பற்றித் தனிப்பாடம் நடத்தவே தேவையில்லை, இந்த ஒரு ரசீது போதும்.

இந்த ரசீது பிறகு என்ன ஆனது என்பதுதான் நிர்வாகம். அது பெர்செபோலிஸுக்குப் போனது. அங்கே கணக்கர்கள் இந்தச் சின்னப் பலகைகளை ஊர்வாரியாகத் தொகுத்துப் பெரிய பலகைகளில் வரவு செலவு எழுதினார்கள். கிடங்குக்காரர் "இவ்வளவு மாவு செலவாகிவிட்டது" என்று வெறுமனே சொன்னால் செல்லாது, வாங்கியவர் தரப்பு முத்திரை வேண்டும். மாவு நகரவில்லை, மாவின் கணக்கு நகர்ந்தது. அந்தப் பகுதி நிர்வாகத்துக்கே தலைவர் பர்னக்கா. அவருடைய சொந்த நாள் படியும் (2 ஆடு, 90 கா மது, 180 கா மாவு) இதே மாதிரி பலகையில் எழுதப்பட்டிருக்கிறது. மேலே இருப்பவருக்கும் ரசீது உண்டு என்பதை நான் வகுப்பில் அழுத்திச் சொல்வேன்.

அப்பத்தேமாவின் கையில் இருந்த ஆவணம் கிடைக்கவில்லை. ஆனால் அந்த வகை ஆவணம் ஒன்று எகிப்தில் கிடைத்து, இப்போது ஆக்ஸ்போர்டில் இருக்கிறது. தோலில் அரமேய மொழியில் எழுதியது. கி.மு. 5-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எகிப்தின் சத்ரப்பாக இருந்த அர்ஷாமா, தன் காரியக்காரர் நக்த்ஹோர் எகிப்துக்குத் திரும்புவதற்காக எழுதிக் கொடுத்தது. மெசபடோமியாவிலிருந்து அர்பேலா வழியாக டமாஸ்கஸ் வரை இருக்கும் தன் பண்ணை அதிகாரிகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லி, தினமும் இவருக்கு வெள்ளை மாவு இவ்வளவு, மட்ட மாவு இவ்வளவு, மதுவோ பீரோ இவ்வளவு, ஓர் ஆடு, இவருடைய பத்து வேலையாட்களுக்குத் தலைக்கு இவ்வளவு மாவு, குதிரைகளுக்கு வைக்கோல், மாகாணம் மாகாணமாக எகிப்து சேரும்வரை கொடுங்கள் என்கிறது. கடைசியில் ஒரு வரி வருகிறது பாருங்கள், அரசு வேலையில் பயணப்படி எழுதிக் கொடுத்த எவருக்கும் அது புரியும்: எங்காவது ஒரு நாளுக்கு மேல் தங்கினால் அந்த அதிகப்படி நாட்களுக்குக் கூடுதலாக எதுவும் கொடுக்காதீர்கள். நல்ல கிடங்கு இருக்கும் ஊரில் நாலு நாள் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் முன்பே இருந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். விதி இருக்கிற இடத்தில் அதற்கு முன்னால் ஒரு ஏமாற்று நடந்திருக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தர இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

வரியையும் இதே கண்ணால் பார்க்கச் சொல்கிறேன். ஹெரோடோட்டஸ் தரும் பட்டியலில் கிலிக்கியா மாகாணம் ஆண்டுக்கு 500 தாலந்து வெள்ளி கட்டியது (பாபிலோனியத் தாலந்து ஏறக்குறைய 30 கிலோ). நம் ஆட்கள் அந்த 500-ஐ மட்டும் எழுதுகிறோம். அடுத்தே அவர் சொல்கிறார், அதில் 140 தாலந்து கிலிக்கியாவைக் காத்த குதிரைப்படைக்கே செலவானது, மீதி 360-தான் டேரியஸுக்குப் போனது என்று. எகிப்திலும் அப்படித்தான், மெம்பிஸ் கோட்டையில் இருந்த பாரசீகப் படைக்கான தானியம் அங்கேயே வாங்கப்பட்டு அங்கேயே தீர்ந்தது. கனமானது அந்தந்த ஊரில் தீரும், வெள்ளியும் பொன்னும் மட்டும் தலைநகருக்குப் பயணம் செய்யும். அதே ஹெரோடோட்டஸ் பாரசீகம் மட்டும் வரி கட்டவில்லை என்கிறார், அதை அப்படியே எழுதிவிடாதீர்கள். பெர்செபோலிஸ் பலகைகளில் பாரசீகத்தின் நடுவிலேயே 'பாஜிஷ்' என்ற பெயரில் ஆடு மாடு வசூலித்த கணக்குகள் இருக்கின்றன.

வெள்ளியாகக் கட்டு என்றால் விவசாயி எங்கே போவார்? அவரிடம் இருப்பது வாற்கோதுமையும் பேரீச்சையும். பாபிலோனியாவின் நிப்பூரில் முராஷு என்ற குடும்பத்தின் கணக்கோலைகள் கிடைத்திருக்கின்றன, அவையும் களிமண்தான், கி.மு. 5-ஆம் நூற்றாண்டின் பிற்பாதி. படைச்சேவைக்காக நிலம் பெற்றவர்கள் அந்த நிலத்தை இவர்களிடம் குத்தகைக்கு விட்டார்கள், கடனுக்கு அடமானம் வைத்தார்கள், அரசுக்குச் சேரவேண்டிய வெள்ளி இவர்கள் கைவழியாகப் போனது. வரிச்சுமையை அரசர் எத்தனை தாலந்து வாங்கினார் என்பதை வைத்து மட்டும் அளக்க முடியாது என்பதற்கு இந்த அடமானப் பத்திரங்கள் சாட்சி.

அப்புறம் சத்ரப். தூரத்து ஆளுநர் சொன்ன பேச்சு கேட்காவிட்டால் அரசர் என்ன செய்வார்? சார்டிஸின் ஓரோய்ட்டெஸ் அப்படித்தான் நடந்தார். டேரியஸ் அனுப்பிய தூதரைத் திரும்பும் வழியில் கொன்று உடலையும் மறைத்துவிட்டார். டேரியஸ் படை அனுப்பவில்லை, பகாயோஸ் என்பவரிடம் முத்திரையிட்ட கடிதங்களைக் கொடுத்து அனுப்பினார். பகாயோஸ் அவற்றை ஒவ்வொன்றாக அங்கிருந்த அரச எழுத்தரிடம் வாசிக்கக் கொடுத்தார், ஒவ்வொரு சத்ரப்பிடமும் இப்படி அரசரின் எழுத்தர் இருப்பார் என்கிறார் ஹெரோடோட்டஸ். முதல் கடிதங்களைக் காவலர்கள் மரியாதையோடு கேட்பதைப் பார்த்துவிட்டு, ஓரோய்ட்டெஸுக்குக் காவல் நிற்கக்கூடாது என்ற கடிதத்தைக் கொடுத்தார். ஈட்டிகளைக் கீழே போட்டார்கள். அதன்பிறகுதான் அவரைக் கொல்லுங்கள் என்ற கடைசிக் கடிதம். கதையில் கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம், ஆனால் சத்ரப்பின் வீட்டுக்குள்ளேயே அரசரின் ஆள் எழுதுகோலோடு உட்கார்ந்திருந்தார் என்பதை விட்டுவிட்டு 'சத்ரப்புகளை நியமித்தார்' என்று எழுதுவது பாதிதான்.

நான் கேட்பது பெரிய மாற்றம் இல்லை. அந்தப் பத்தியில் 20 மாகாணங்களின் பெயர்களைக் குறைத்துக்கொள்ளுங்கள், அந்த இடத்தில் அப்பத்தேமாவின் பலகையை முழுதாக அச்சிடுங்கள், ஏழே வரிதான் வரும். பயிற்சிப் பகுதியில் 'அரசப் பாதையின் நீளம் என்ன' என்ற கேள்விக்குப் பதிலாக, அப்பத்தேமா இதே 20 பேரோடு இன்னும் பத்து நாள் பயணம் செய்தால் வழியில் உள்ள கிடங்குகள் எல்லாம் சேர்ந்து எத்தனை பார் மாவு ஒதுக்கவேண்டும், அது எந்த ஊர்க்காரர்களின் வயலிலிருந்து வந்திருக்கும் என்று கேளுங்கள். முதல் பாதிக்கு விடை 110. இரண்டாம் பாதியை வகுப்பில் பேசவிடுங்கள்.

அன்புடன்,
ஒரு வரலாற்று ஆசிரியர்