பதோவாவிலிருந்து ஒரு சனிக்கிழமைக் கடிதம்

பதோவா, ஜூலை 4

அன்பு மச்சானுக்கு,

இங்கே நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததென்று சின்னவன் சொன்னான், மனசு லேசானது. மற்ற விசாரணையெல்லாம் அடுத்த கடிதத்தில். இப்போது உன் கம்பெனி விஷயம்.

தோல் சரக்கு தாமதமானதற்காக ஆம்பூரிலிருந்து நீ அனுப்பிய ஆங்கிலக் கடிதத்தை அப்படியே இத்தாலியனில் போட்டு வாங்குபவருக்கு அனுப்பச் சொன்னாய். நான் போடவில்லை. முதலிலிருந்து புதிதாக எழுதி, இத்தாலிய எழுத்திலேயே அடித்துத் தனி மெயிலில் உனக்கு வைத்திருக்கிறேன். ஏன் மாற்றினேன் என்று தெரியாமல் நீ கையெழுத்துப் போடக்கூடாது. அதற்குத்தான் இது.

உன் கடிதத்தில் ஐந்து பத்தி மன்னிப்பு இருந்தது. பி.டி. வாத்தியாரிடம் லேட்டாக வந்ததற்குச் சொல்வாயே, அதே பாட்டு. பஸ், மழை, பாட்டி எல்லாம் வந்தாயிற்று. சரக்கு எந்தத் தேதியில் வரும் என்பதற்கு மட்டும் "கூடிய சீக்கிரம்" என்று ஒரு வரி. அந்த ஆள் செருப்புத் தொழிற்சாலை நடத்துகிறவர். உன் தோல் வரவில்லையென்றால் அவருடைய கட்டிங் டேபிளில் ஆட்கள் சும்மா நிற்பார்கள். ஆகஸ்டில் இங்கே பாதி நாடு கதவைச் சாத்திவிடும், பதினைந்தாம் தேதிப் பண்டிகையை ஒட்டி இரண்டு மூன்று வாரம். அவர் ஃபாக்டரிக்கு ஆகஸ்ட் 7 கடைசி நாள். அதற்குள் வெட்டாத தோல் அவருக்குச் செப்டம்பர் தோல்தான். அதனால் அவர் உன் கடிதத்தில் முதலில் தேடுவது ஒரு தேதியை.

இன்னொன்று, இதுதான் என்னைப் பயமுறுத்தியது. ஆர்டர் தாளின் பின்பக்கத்தை நீ படித்தாயா? இத்தாலியச் சிவில் சட்டம் பொருந்தும், பதோவா நீதிமன்றம் என்று இருக்கிறது. ஜூலை 3-க்குப் பக்கத்தில் "தெர்மினே எஸ்ஸென்சியாலே" என்று போட்டிருக்கிறார்கள். அந்தத் தேதி தவறினால் ஒப்பந்தத்துக்கே அர்த்தமில்லை என்று இரு தரப்பும் ஒத்துக்கொண்ட நாள் என்று பொருள். சிவில் சட்டத்தின் 1457-ஆம் பிரிவு இதைப் பற்றிப் பேசுகிறது. அப்படிப்பட்ட தேதி தவறிய பிறகும் சரக்கு வேண்டும் என்று வாங்குபவர் நினைத்தால், மூன்று நாளுக்குள் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஒப்பந்தம் தானாகவே முறிந்ததாகக் கணக்கு. நேற்று வெள்ளி தேதி தவறியது. திங்கட்கிழமையோடு மூன்று நாள் முடிகிறது. நீயோ அவர் கோபமில்லாமல் அமைதியாக இருக்கிறார் என்று சந்தோஷப்படுகிறாய். மச்சான், அந்த அமைதிதான் ஆபத்து. அவர் வாயைத் திறக்காமல் இருந்தாலே உன் 12,000 சதுர அடித் தோலுக்கு ஆள் இல்லாமல் போகலாம். பிறகு இருவரும் சேர்ந்து புது ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம்தான், ஆனால் விலையை அப்போது அவர்தான் சொல்வார்.

எனவே கடிதம் இன்றே போக வேண்டும். கடைசிப் பத்தியில் ஒரே ஒரு வேண்டுகோள் வைத்திருக்கிறேன்: புதிய தேதிகளுக்குச் சரக்கை ஏற்பதாகத் திங்கட்கிழமைக்குள் எழுத்தில் உறுதி செய்யுங்கள் என்று. திங்கள் காலை ஒன்பது மணிக்கு அவருக்குப் போன் செய்து நானே நினைவூட்டுகிறேன். இந்த ஊரில் கெட்ட செய்தியை முதலில் வாயால் சொல்லிவிட்டுத்தான் தாளில் அனுப்ப வேண்டும். சனிக்கிழமை யாரும் எடுக்க மாட்டார்கள் என்பதால் இந்த முறை வரிசை மாறுகிறது.

காரணத்தைப் பற்றி. நீ "தவிர்க்க முடியாத சூழ்நிலை" என்று எழுதியிருந்தாய். அதை எடுத்துவிட்டேன். உண்மைக் காரணம் அதைவிடப் பலமானது. ஆய்வகச் சோதனையில் ஒரு லாட்டில் ஆறு இணைதிறன் குரோமியம் வரம்பைத் தாண்டியது, திரும்ப டிரம்மில் போட்டீர்கள். உடம்பில் படும் தோல் பொருளுக்கு ஐரோப்பாவில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்பது 2015 மே முதல் சட்டம். அந்த லாட்டை அனுப்பியிருந்தால் அவர் செய்த செருப்பையே சந்தையிலிருந்து திரும்ப எடுக்க வேண்டி வந்திருக்கும். இதை அவர் நன்றாகப் புரிந்துகொள்வார். ஆகவே ஒரே வாக்கியத்தில் எழுதினேன்: உள்சோதனையில் ஒரு லாட் வரம்புக்கு மேல் வந்தது, நிறுத்தினோம், மறுபதனிட்டோம், புதுச் சோதனை அறிக்கை இணைப்பில். மீன் எண்ணெய் கொழுப்பேற்றியில் கோளாறா, உலர்த்தியதில் சூடு அதிகமா என்பதெல்லாம் நீயும் உன் கெமிஸ்ட்டும் பேசிக்கொள்ள வேண்டியது, கடிதத்தில் வேண்டாம்.

மன்னிப்புக்கு ஒரே வரி. "சி ஸ்கூசியாமோ பெர் இல் திசாஜ்ஜோ", அதாவது உங்களுக்கு நேர்ந்த சிரமத்துக்கு வருந்துகிறோம். அதோடு நிறுத்தினேன். நீ "உங்களுக்கு ஏற்பட்ட எல்லா நஷ்டத்துக்கும் நாங்களே பொறுப்பு" என்று எழுதியிருந்தாயே, அதை நான்கு முறை வெட்டினாலும் எனக்குத் திருப்தி வராது. எதிர்த்தரப்புக்கு நேரே எழுதிக் கொடுத்த ஒப்புதல் இங்கே நீதிமன்றத்தில் வாக்குமூலத்துக்குச் சமம், 2735-ஆம் பிரிவு. நடந்ததை மறைக்காதே, சரக்கு வரவில்லை என்பதை முதல் வரியிலேயே சொல். ஆனால் இன்னும் யாரும் கணக்குப் பார்க்காத நஷ்டத்துக்கு முன்கூட்டியே வெற்றுக் காசோலை எழுதாதே.

தேதிகள் இவை. 5,000 சதுர அடி விமானத்தில், ஜூலை 13 மிலானின் மால்பென்சா விமான நிலையம். மீதி 7,000 ஜூலை 22, அதுவும் விமானம்தான். கப்பல் இப்போது ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்தால் ஆகஸ்ட் விடுமுறைக்குள் சேராது. கூடுதல் விமானச் செலவு உன்னுடையது என்று எழுதியிருக்கிறேன். வலிக்கும், தெரியும். ஆனால் காசு போகிற அந்த ஒரு வரி உன் ஐந்து பத்தியைவிட அதிகம் பேசும். இந்த இரண்டு தேதியும் உன்னால் முடியாதென்றால், தயவுசெய்து இன்றே சொல், மாற்றிவிடுகிறேன். இரண்டாவது முறை தவறினால் கடிதம் எழுத என்னிடம் சொல் இருக்காது.

சில சின்ன விஷயம். அளவை 12.000 என்று புள்ளி வைத்து எழுதியிருக்கிறேன், தப்பென்று நினைத்து நீ காற்புள்ளி போட்டுவிடாதே. இங்கே காற்புள்ளி தசமம், 12,000 என்றால் பன்னிரண்டே சதுர அடி. மாதத்தை எண்ணில் போடாமல் எழுத்தில் போட்டிருக்கிறேன். கம்பெனி பெயருக்கு முன்னால் "ஸ்பெத்தாபிலே", அந்த ஆளுக்கு "எக்ரேஜோ தொத்தோர்". டாக்டரா என்று கேட்காதே, பட்டம் வாங்கிய எல்லோரும் இங்கே தொத்தோர்தான். முடிவில் விறைப்பான "திஸ்தின்தி சலூத்தி" போட்டிருக்கிறேன். உனக்கு அவரோடு பத்து வருடப் பழக்கம் என்றாலும் இந்தக் கடிதத்துக்கு அதுதான் பொருந்தும்.

சோதனை அறிக்கையின் ஸ்கேனை உடனே அனுப்பு, முத்திரை தெளிவாகத் தெரிய வேண்டும். அது இல்லாமல் கடிதம் போகாது. இங்கே மதியம் இரண்டு மணி வரை அலுவலகத்தில் காத்திருக்கிறேன், உனக்கு மாலை ஐந்தரை.

உன்
மச்சான்