திறந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்: லேப்டாப் சர்வீஸ் சென்டர் நடத்துகிறவர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

டீ கொட்டிய லேப்டாப்போடு என் அக்கா உங்கள் கவுண்டருக்கு வந்ததும், அங்கே அவளிடம் என்ன சொன்னார்கள் என்பதும் உங்கள் ஜாப் ஷீட்டிலேயே இருக்கும். லிக்விட் டேமேஜ், வாரண்டி செல்லாது, மதர்போர்டு மாற்ற வேண்டும், கீபோர்டோடு சேர்ந்த மேல்பாகம் முழுவதும் மாற்ற வேண்டும். எஸ்டிமேட் புது மெஷின் விலையில் பாதியைத் தாண்டியது. வாரண்டி செல்லாது என்பதை நாங்கள் ஏற்றுக்கொண்டோம், டீ கொட்டியது உங்கள் குற்றமில்லை. என் கோபம் வேறு. அந்த எஸ்டிமேட்டை மெஷினைத் திறக்காமலேயே போட்டிருக்கிறீர்கள். பின்மூடியின் திருகு மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் கிழியாமல் அப்படியே திரும்பி வந்தது.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. எஸ்டிமேட் வரும்வரை அந்த மெஷின் பல நாள் உங்கள் அலமாரியில் கிடந்தது, பேட்டரி இணைப்பு எடுக்கப்படாமல். லேப்டாப்பை அணைத்து வைத்தாலும் பேட்டரியில் இருந்து போர்டின் சில பகுதிகளுக்கு மின்னழுத்தம் போய்க்கொண்டேதான் இருக்கும், பவர் பட்டனை அழுத்தினால் உயிர் வருவதே அதனால்தான். ஈரமும் மின்னழுத்தமும் ஒன்றாக இருக்கும் இடத்தில்தான் உலோகம் வேகமாக அரிக்கிறது. வெறும் ஈரம் காய்ந்துவிடும், ஆனால் மின்னோட்டம் இருக்கும்போது அதே ஈரம் செம்பைக் கரைத்துப் பச்சையாகப் பூக்க வைக்கும். பின்மூடியைக் கழற்றி பேட்டரி கனெக்டரை எடுத்துவிட ஒரு ஆளுக்குப் பத்து நிமிடம் போதும். இதை நீங்கள் அறியாதவர்கள் இல்லை. தெரிந்தும் செய்யாததைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

அக்கா சின்னக் கடைகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்குப் போட்டுக் கொடுக்கிறவள். மாதம் 20ஆம் தேதிக்குள் ரிட்டர்ன் போகவில்லை என்றால் தாமதக் கட்டணம் கடைக்காரர் தலையில் விழும், அவர்கள் அதை அக்காவிடம்தான் கேட்பார்கள். கடைகளின் கணக்கெல்லாம் அந்த மெஷினில். "டேட்டாவுக்கு நாங்க பொறுப்பில்லை மேடம்" என்று சொல்லி ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினார்களே, அப்போது அவளுக்கு இருந்த பயத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். டிஸ்க்கில் டீ படவே இல்லை என்பதைத் திறந்து பார்த்திருந்தால் அங்கேயே சொல்லியிருக்கலாம்.

நான் ஒரு கல்லூரியில் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறவன். மெஷினை வீட்டுக்கு எடுத்து வந்து நானே திறந்தேன். கீபோர்டுக்குப் பின்னால் ஒரு மெல்லிய உலோகத் தகடு, அதன் மேல் கறுப்புப் பிளாஸ்டிக் தாள். டீ அந்தத் தாளின் மேலேயே ஓடி டச்பேட் பக்கம் இறங்கி, பழுப்பு ஓரத்தோடு காய்ந்திருந்தது. போர்டு பக்கம் ஒரு சொட்டு இல்லை. ஈரம் பட்டால் சிவக்கும் உங்கள் வெள்ளை ஸ்டிக்கர் போர்டில் வெள்ளையாகவே இருந்தது. எந்த அடிப்படையில் அந்த போர்டு போய்விட்டது என்று எழுதினீர்கள்?

உங்கள் ஆள் கண்டது என்ன என்று எனக்கு ஊகிக்க முடிகிறது. மெஷின் ஆன் ஆனது, ஆனால் கிறுக்குப் பிடித்ததுபோல நடந்தது. எதைத் தட்டினாலும் ஜன்னல் மூடும், புது ஜன்னல் திறக்கும். அதனால் போர்டு என்று முடிவு கட்டியிருப்பார். லினக்ஸ் பென்டிரைவில் இருந்து பூட் செய்து, எந்தக் கீ அழுத்தப்படுகிறது என்று காட்டும் evtest நிரலை ஓட்டிப் பார்த்தேன். யாரும் எதையும் தொடாதபோதே இந்த வரி வந்தது:

```
code 29 (KEY_LEFTCTRL), value 1
```

value 1 என்றால் கீயை அழுத்தியாயிற்று, value 0 என்றால் விட்டாயிற்று. அந்த 0 வரவே இல்லை. கீபோர்டுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவே டீ புகுந்து இரண்டு கோடுகளைச் சேர்த்துவிட்டது, இடது கன்ட்ரோல் கீயை யாரோ விடாமல் அழுத்திக்கொண்டிருப்பதாக மெஷின் நினைக்கிறது, அவ்வளவுதான். கீபோர்டின் ரிப்பன் கேபிளைக் கழற்றிவிட்டு யு.எஸ்.பி. கீபோர்டு ஒன்றைச் செருகினேன். எல்லாம் சரியாக ஓடியது. இந்த ஒரு சோதனைதான் போர்டா கீபோர்டா என்று பிரித்துக் காட்டும், இதற்குத் திருப்புளியைத் தவிர எந்தக் கருவியும் வேண்டாம். திறந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று நான் கேட்பது இதைத்தான்.

அப்புறம் கழுவினேன். சர்க்கரை போட்ட டீக்கு ஐசோபுரொபைல் ஆல்கஹாலை மட்டும் ஊற்றிப் பயனில்லை, சர்க்கரை அதில் சரியாகக் கரையாது. பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரை வெதுவெதுப்பாக்கி, தனியே கழற்றிய மேல்பாகத்தின் கீபோர்டு பகுதியில் ஊற்றி ஊற்றி, பழுப்பு வடிவது நின்ற பிறகுதான் ஆல்கஹால், அதுவும் உள்ளே தங்கிய தண்ணீரை விரட்டத்தான். பிறகு சாய்த்து நிறுத்தி மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள். ஹேர் டிரையர் வைத்தால் தாள் நெளிந்துவிடும், அரிசியில் புதைத்தால் மாவுத் தூசிதான் உள்ளே போகும்.

காய்ந்த பிறகு ஒட்டிக்கொண்டிருந்த கீகளெல்லாம் சுத்தமாக எழும்பின, கன்ட்ரோலும் விடுபட்டது. ஆனால் அம்புக்குறிகளும் அவற்றோடு ஒரே கோட்டில் வரும் வேறு சில கீகளும் செத்துப்போயிருந்தன. ஒட்டுகிற கீ என்றால் கழுவிக் காப்பாற்றலாம். கீகள் இப்படிக் கூட்டமாகப் போனால் தாளில் உள்ள கடத்திக் கோடே அரித்துப்போய்விட்டது என்று பொருள், அதைக் கழுவி மீட்க முடியாது. எங்கள் ஆய்வகத்து மேசைக் கீபோர்டு என்றால் திருகைக் கழற்றித் தாள்களைப் பிரித்து அந்தக் கோட்டை வெள்ளிப் பூச்சால் தொட்டுச் சரிசெய்து பார்ப்பேன். இது ஒட்டி மூடியது. ஆக கீபோர்டு போனது போனதுதான், அதை நான் மறுக்கவில்லை. முதல் நாளே பேட்டரியை எடுத்திருந்தால் அந்தக் கோடு பிழைத்திருக்க நல்ல வாய்ப்பு இருந்தது.

ரிச்சி தெருவில் கீபோர்டு மட்டும் வாங்கினேன். பழையதைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் குமிழ்களை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்து, புதியதை வைத்துச் சூடுகாட்டி ஒட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. நீங்கள் சொன்ன தொகையில் ஒரு சிறு பங்குதான் செலவு. உங்கள் சென்டரில் இந்தக் கீபோர்டைத் தனியாக விற்கக் கூடாது, நான்கு திருகில் கழலக் கூடாது என்று யார் முடிவு செய்தது? பிரான்சில் 2021இல் இருந்து லேப்டாப் விற்கும்போதே அதைப் பழுதுபார்ப்பது எவ்வளவு சுலபம் என்று 10க்கு மதிப்பெண் போட்டு வாங்குகிறவர் கண்ணில் படும்படி வைக்க வேண்டும். இங்கே எங்களுக்கு வாங்கும்போதும் தெரிவதில்லை, பழுதாகும்போதும் யாரும் சொல்வதில்லை. டீ, காபி, தண்ணீர் கொட்டாத வீடு எங்கே இருக்கிறது?

சரி, அது நிறுவனத்தின் மேலிடத்தோடு பேச வேண்டியது, உங்கள் கவுண்டரில் தீராது. உங்களால் முடிந்ததை மட்டும் பணிவோடு கேட்கிறேன். ஈரம் பட்ட மெஷின் வந்தால் ரசீது எழுதும் முன்பே, வாடிக்கையாளர் சம்மதத்தோடு, பேட்டரி இணைப்பை எடுத்துவிடுங்கள். கீபோர்டைக் கழற்றி வெளிக் கீபோர்டில் ஓட்டிப் பாருங்கள். எஸ்டிமேட்டில் எந்தப் பாகம் எந்தச் சோதனையில் தவறியது என்று ஒரு வரி எழுதுங்கள், படம் இருந்தால் சேர்த்துக் கொடுங்கள். திறந்து பார்த்துவிட்டு போர்டு போய்விட்டது என்று சொன்னால் மறுபேச்சில்லாமல் பணம் கட்டுவோம்.

அக்காவிடம் பரிசோதனைக் கட்டணம் என்று ஒரு தொகை வாங்கியிருக்கிறீர்கள். பரிசோதனை நடக்கவில்லை. அந்தத் தொகையைத் தயவுசெய்து திருப்பிக் கொடுங்கள், ரசீது அவளிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளரின் தம்பி