பின்னோக்கி ஓடும் பாட்டு

அன்புள்ள ராமநாதா,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு தெருமுனை வரை தனியாக நடக்கிறாய் என்று படித்ததும் மனம் இலேசாயிற்று. இங்கே பெரியவளுக்கு ஊருக்கே மாற்றல் கிடைத்துவிட்டது. வீட்டில் மறுபடியும் பேச்சுச் சத்தம் கேட்கிறது.

உன் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை மூன்று முறை படித்தேன். லெட் செப்பெலின் என்ற ஆங்கில ராக் இசைக்குழுவின் 'ஸ்டெயர்வே டு ஹெவன்' பாட்டைத் தங்கை மகன் கைபேசியில் தலைகீழாக ஓட்டிக் காட்டினான், "மை ஸ்வீட் சேட்டன்", அதாவது என் இனிய சாத்தான், என்று அட்சர சுத்தமாகக் கேட்டது, அன்றிரவு தூக்கமே வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். நீ கேட்டது பொய் என்று சொல்ல மாட்டேன். எனக்கும் கேட்டது. ஒன்று மட்டும் யோசித்துப் பார்: பாட்டு ஓடும்போதே திரையில் அந்த வரிகள் எழுத்தில் வந்தனவா, இல்லையா?

நான் ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் அந்தப் பகுதியை மட்டும் வெட்டித் திருப்பி, முதலில் என் மனைவிக்கும் மேல்வீட்டு ஆசிரியருக்கும் போட்டுக் காட்டினேன். எதுவும் சொல்லவில்லை. என்ன கேட்கிறது என்று மட்டும் கேட்டேன். ஆசிரியர் ஏதோ தெரியாத பாஷை என்றார். மனைவிக்கு யாரோ முனகுவதுபோல் இருந்ததாம். பிறகு "சாத்தானைப் புகழ்கிறதாகச் சொல்கிறார்கள்" என்று சொல்லி, வரிகளைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்து, அதையே மறுபடி போட்டேன். இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அதன் பிறகு காகிதத்தை மறைத்து வைத்துப் போட்டாலும் அவர்களுக்கு அந்தச் சொற்கள்தான் கேட்டன. ஒலி மாறவில்லை, ராமநாதா. கேட்டவர்கள் கையில் ஒரு தாள் வந்திருந்தது, அவ்வளவுதான்.

பாட்டு வெளிவந்தது 1971இல். வதந்தி பெரிதாகக் கிளம்பியதோ 1982 தொடக்கத்தில், அமெரிக்காவில் பால் கிரவுச் என்ற கிறிஸ்தவப் பிரசங்கியின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குப் பிறகு. அந்த ஏப்ரலில் கலிபோர்னியா சட்டமன்றக் குழுவொன்றின் முன் அந்தப் பாட்டையே தலைகீழாகப் போட்டுக் காட்டினார்கள். அடுத்த ஆண்டு ஆர்கன்சா மாநிலத்தில் இப்படிப்பட்ட இசைத்தட்டுகளில் எச்சரிக்கை ஒட்ட வேண்டும் என்று மசோதாவே நிறைவேறியது. ஆளுநர் பில் கிளிண்டன் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்பினார். லெட் செப்பெலினின் இசைத்தட்டு நிறுவனத்தார் சொன்ன ஒரே பதில், தங்கள் இசைத்தட்டுச் சுழலிகள் முன்னோக்கி மட்டுமே ஓடும் என்பது.

ஆனால் தலைகீழாக ஓட்டினால் பேச்சு என்னவாகிறது என்பதை அந்தச் சபைகளில் யாராவது நிதானமாக விளக்கியிருந்தால் பாதிக் கலவரம் அடங்கியிருக்கும். நம் தெனாலிராமன் கதையின் 'விகடகவி'யை எடுத்துக்கொள். எழுத்தில் எந்தப் பக்கமிருந்து படித்தாலும் விகடகவிதான். அதையே ஒலிப்பதிவு செய்து திருப்பி ஓட்டினால் விகடகவி வராது. நம் எழுத்தில் 'வி' ஒன்று. ஒலியில் அது 'வ்', பிறகு 'இ' என்று இரண்டு. ஒலிநாடா அந்த இரண்டையும் இடம் மாற்றிவிடும். ஆகவே கிடைப்பது ஏறத்தாழ 'இவகடகிவ்'. இதே கணக்கில் 'மா' என்று சொல்லிப் பதிந்து திருப்பினால் 'ஆம்' வரும். மாம்பழத்தைச் சொன்னவன் யாருக்கோ சம்மதம் தெரிவித்ததாக ஆகிவிடும்! யாரும் திட்டமிடவில்லை, மொழியில் ஒலிகள் கொஞ்சம், சொற்கள் ஏராளம் என்பதால் தானாக நேர்கிறது.

இன்னொன்றும் உண்டு. எல்லா ஒலிகளும் ஒரே மாதிரி சிதைவதில்லை. 'ப்', 'ட்' போன்றவை வெடித்து எழுபவை. மேளத்தில் விழுந்த அடி தலைகீழாகும்போது பெருகிப் பெருகிச் சட்டென்று அறுபடுவதுபோல் இவையும் உருக்குலைந்துவிடும். 'ஸ்', 'ன்', நீண்ட உயிரொலிகள் ஆகியவை எந்தத் திசையிலும் கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். ஆங்கிலப் பாட்டு எதையும் திருப்பிப் போடு, 'ஸ்'ஸும் 'ன்'னும் நிறைய மிதந்து வரும். 'சேட்டன்' என்ற சொல்லின் முதலும் முடிவும் அவைதானே. நடுவில் ஒரு மங்கலான உயிரொலி இருந்தால் போதும், தேடுகிற காது மீதியை நிரப்பிக்கொள்ளும். இத்தனை சொற்களிருக்க இந்தச் சொல் அடிக்கடி அகப்படுவதற்கு அது ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

இதை முறையாகச் சோதித்தவர்கள் கனடாவின் லெத்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து உளவியலாளர்கள் ஜான் வோக்கியும் டான் ரீடும். 1985இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையை நான் பொறுமையாகப் படித்தேன். தலைகீழ்ப் பேச்சைக் கேட்டவர்கள் பேசுவது ஆணா பெண்ணா என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் கேட்டது கேள்வியா சாதாரண வாக்கியமா என்று கேட்டபோது தடுமாறினார்கள். குழந்தைப் பாட்டு, கிறிஸ்தவம், சாத்தானியம், ஆபாசம், விளம்பரம் என்று ஐந்து குவியலாகப் பிரிக்கச் சொன்னபோது கண்ணை மூடிக்கொண்டு எறிந்தால் எத்தனை சரியாக விழுமோ அத்தனைதான் விழுந்தது. பொருளே மனத்தில் ஏறவில்லை என்றால், அது ரகசியமாக உள்ளே போய் நம்மை ஆட்டிவைக்கிறது என்ற பேச்சுக்கு இடம் ஏது?

அடுத்து அவர்கள் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. திருப்பிய பகுதிகளைத் தாங்களே பலமுறை கேட்டு, தற்செயலாக அகப்பட்ட அபத்தமான சொற்றொடர்களைக் குறித்துக்கொண்டார்கள். வாயில் மரநாயைக் கவ்விய ஒரு பெண்ணைப் பார்த்தேன் என்பது அவற்றில் ஒன்று. எதுவும் சொல்லாமல் போட்டபோது கேட்டவர்களுக்கு அவை அகப்படவே இல்லை. இன்ன சொற்றொடருக்குக் காது கொடுங்கள் என்று சொன்னதும் பெரும்பாலோருக்குக் கேட்டது. எடுத்த பகுதிகளில் பைபிளின் 23ஆம் சங்கீதமும் உண்டு.

பொய்யெல்லாம் சரி, உண்மையிலேயே யாரும் இப்படிச் செய்ததில்லையா என்று நீ கேட்பாய். செய்திருக்கிறார்கள். எலெக்ட்ரிக் லைட் ஆர்க்கெஸ்ட்ரா குழு 1975இல் 'ஃபயர் ஆன் ஹை' என்ற இசைத்துண்டின் தொடக்கத்தில் ஒரு பேச்சைத் திருப்பி வைத்தது. நேராகக் கேட்டால் வெறும் உளறல். திருப்பினால், இசையைத் திருப்பலாம், காலத்தைத் திருப்ப முடியாது என்று கனத்த குரல் சொல்வது, முன்கூட்டி எதுவும் தெரியாதவனுக்கும் விளங்கும். வித்தியாசத்தை இதில் பிடித்துக்கொள். வேண்டுமென்றே வைத்தது நேராக ஓடும்போது பொருளற்று இருக்கும், திருப்பியதும் யாரும் சொல்லித் தராமலே புரியும். உன்னைத் தூங்கவிடாத பாட்டு நேராக ஓடும்போது அழகான கவிதை, திருப்பியபின் தாள் இல்லாமல் புரிவதில்லை. இரண்டு திசையிலும் பொருள் தரும்படி அத்தனை வரிகளை எழுதி, மெட்டுக்குள் அடக்கிப் பாடவும் செய்வது எந்தப் பாவலனுக்கும் எளிதல்ல.

உன் கைபேசிக்கு அரை நிமிடப் பதிவு ஒன்று அனுப்பியிருக்கிறேன். நம் இருவருக்கும் மனப்பாடமான ஒரு செய்யுளை என் குரலில் வாசித்துத் திருப்பிய பதிவு அது. தங்கை மகன் பக்கத்தில் இல்லாத நேரத்தில் ஐந்து முறை கேட்டு, என்ன கேட்டதோ அதை அப்படியே எழுதி அனுப்பு. எந்தச் செய்யுள் என்பதை உன் கடிதம் வந்த பிறகு எழுதுகிறேன்.

என்றும் அன்புடன்,
சுந்தரம்